போட்டிச் சேனல்களை அளந்து பார்க்கும் கணக்கு

யூடியூபில் சேனல் நடத்துபவர் தன் வளர்ச்சி போதுமானதா என்பதைத் தன் எண்களை மட்டும் பார்த்து அறிய முடியாது. ஆறு மாதத்தில் 360 சந்தாதாரர்கள் கூடியிருந்தால் அது நல்ல வளர்ச்சியா, தேக்கமா? அதே துறையில், அதே அளவில், அதே காலத்தில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். போட்டிக் கணக்குகளை இப்படி முறையாக அளந்து ஒப்பிடுவதைத்தான் பெஞ்ச்மார்க்கிங் என்கிறார்கள். இதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. மக்கள் தேடியும் யாரும் சரியாகத் தராத விஷயங்கள் எவை என்பது ஒன்று. அடுத்த சில மாதங்களுக்கு எட்டக்கூடிய இலக்கு எது என்பது மற்றொன்று.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் சேனலை எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் மாடித்தோட்டம் பற்றித் தமிழில் பேசும் சேனல் அது. சந்தாதாரர்கள் 4,200 பேர். வாரம் ஒரு நீள வீடியோ வெளியாகிறது. மாதம் ஏறக்குறைய 12,000 பார்வைகள் கிடைக்கின்றன. இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்தச் சேனலை வைத்துப் போட்டவை. எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் கணக்கிடும் முறை எந்தச் சேனலுக்கும் பொருந்தும்.

யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. மாடித்தோட்டம் என்றதும் நினைவுக்கு வருவது பத்து லட்சம் சந்தாதாரர்களைக் கொண்ட பெரிய சேனல். அதோடு ஒப்பிட்டால் மனம் சோர்வதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. அந்தச் சேனல் பல ஆண்டுகளுக்கு முன்பு, போட்டி குறைவாக இருந்தபோது தொடங்கியிருக்கும். அதன் பழைய வீடியோக்கள் தேடலில் முன்வரிசையில் நிற்கும். இன்றைக்கு அது என்ன போட்டாலும் ஓடும் என்பதால், எதனால் ஓடுகிறது என்பதை அதைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பயன்படக்கூடிய ஒப்பீடு 3,000 முதல் 15,000 சந்தாதாரர்கள் வரை உள்ள ஆறேழு சேனல்களோடு செய்வதுதான். பெயர்களை ஊகித்து எழுத வேண்டியதில்லை. போதுமான பார்வையாளர்கள் உள்ள சேனலுக்கு யூடியூப் ஸ்டூடியோவின் பார்வையாளர் பகுதியில், தன் பார்வையாளர்கள் வேறு எந்தச் சேனல்களைப் பார்க்கிறார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். பட்டியல் வராத அளவுக்குச் சேனல் சிறியதாக இருந்தால், மக்கள் தேடக்கூடிய பத்துக் கேள்விகளைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் தட்டிப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் சிறிய சேனல்களைக் குறித்துக்கொள்ளலாம்.

துறைக்கு வெளியே ஒரு சேனலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. 1979-ல் ஜெராக்ஸ் நிறுவனம் ஜப்பானிய நகல் இயந்திரங்களோடு தன் உற்பத்திச் செலவை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக, கிடங்கிலிருந்து பொருள் எடுத்து அனுப்பும் வேலையை மேம்படுத்த அது பாடம் கற்றது எல்.எல்.பீன் என்ற நிறுவனத்திடம். அந்த நிறுவனம் விற்றது முகாம் பொருட்களும் காலணிகளும். துறை வேறு, ஆனால் செய்யும் வேலை ஒன்று. அதேபோல, மாடித்தோட்டச் சேனல் நடத்துபவர் இருசக்கர வாகனப் பழுது பார்க்கும் சேனல் ஒன்றைக் கவனித்தால், ஒரு கோளாறைக் காட்டி, காரணம் சொல்லி, சரிசெய்து, முடிவைக் காட்டும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். இந்த வெளிச் சேனலின் எண்களை மட்டும் ஒப்பீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சேனல்கள் முடிவானதும் ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு சேனலிலிருந்தும் 30 நீள வீடியோக்கள். அவை வெளியாகி இரண்டு மாதம் முடிந்திருக்க வேண்டும், ஓராண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. நேற்று வெளியான வீடியோவுக்குப் பார்வைகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். ஐந்து ஆண்டுப் பழைய வீடியோ வேறொரு காலத்தின் விளைச்சல். இடைப்பட்டவை மட்டுமே ஓரளவு சமமாக ஒப்பிடத் தக்கவை. தேதி, தலைப்பு, பொருள், நீளம், பார்வைகள், கருத்துகளின் எண்ணிக்கை என ஆறு கட்டங்கள் இருந்தால் போதும். ஷார்ட்ஸ் வீடியோக்களை இதில் கலக்கவே கூடாது. 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது. எத்தனை விநாடி பார்த்தார்கள் என்ற நிபந்தனை அதில் இல்லை. நீள வீடியோவின் ஆயிரம் பார்வையும் ஷார்ட்ஸின் ஆயிரம் பார்வையும் ஒரே பொருள் அல்ல. அந்தத் தேதிக்கு முன் வந்த ஷார்ட்ஸையும் பின் வந்ததையும் ஒப்பிடுவதுகூடத் தவறான முடிவைத் தரும்.

எண்களைச் சேர்த்ததும் பலர் சராசரியைக் கணக்கிடுவார்கள். இந்த வேலையில் சராசரி ஏமாற்றிவிடும். ஒரு சேனலில் 20 வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு லட்சம் பார்வைகளைப் பெற்றது, மற்ற 19-ம் ஆளுக்கு ஆயிரம் என்று கொள்ளலாம். சராசரி 10,950 என்று வரும். ஆனால் அந்தச் சேனலில் பத்தாயிரத்தை ஒட்டி ஓடிய வீடியோ ஒன்றுகூட இல்லை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 1,000 என்று கிடைக்கும். இந்த நடு எண்தான் சேனலின் வழக்கமான ஓட்டத்தைச் சொல்கிறது. நம் உதாரணத்தில் ஏழு போட்டிச் சேனல்களின் நடு எண்கள் 700, 1,100, 1,400, 1,500, 1,900, 2,600, 6,000 என்று வந்தால், அவற்றுக்கும் நடு 1,500. நம் சேனலின் நடு எண் 900. பின்தங்கியிருப்பது உண்மைதான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. ஏழில் ஒன்றைவிட முன்னே இருக்கிறது.

நடு எண்ணைக் கண்ட பிறகு, அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஓடிய வீடியோக்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். சிறிய சேனலில் இப்படி ஒரு வீடியோ துள்ளி ஓடியிருந்தால் அது கவனிக்கத் தக்க சான்று. பெயருக்காகவோ முகத்துக்காகவோ வராத கூட்டம், விஷயத்துக்காக வந்திருக்கிறது. ஆனால் விளம்பரம் கொடுத்து ஓட்டிய வீடியோவும் இதே தோற்றத்தைத் தரும். பார்வைகள் நாற்பதாயிரம், கருத்துகள் மூன்று என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்தில் விளம்பரதாரரின் பெயரைத் தேடினால், அவர் யூடியூபில் விளம்பரம் ஓட்டுகிறாரா என்று பார்க்கலாம்.

அடுத்தது இடைவெளி தேடும் வேலை. இந்த முயற்சியில் அதிகப் பலன் தருவதும் இதுதான், அவசரப்பட்டால் அதிகம் தவறுவதும் இதில்தான். போட்டியாளர்கள் யாரும் பேசாத பொருளெல்லாம் வாய்ப்பு என்று நினைப்பது முதல் தவறு. மாடியில் குங்குமப்பூ வளர்ப்பது பற்றி ஏழு சேனல்களிலும் வீடியோ இல்லை என்றால், அதைக் கேட்பவரும் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். வழங்கல் குறைவாக இருந்து, தேவை இருப்பதற்குச் சான்றும் இருந்தால்தான் அது இடைவெளி.

தேவைக்கான சான்று கருத்துப் பகுதியில் குவிந்து கிடக்கிறது. அதிகம் ஓடிய நாற்பது வீடியோக்களின் கருத்துகளைப் படித்து, பாராட்டுகளையும் வாழ்த்துகளையும் தள்ளிவிட்டு, கேள்விகளை மட்டும் ஒரு தாளில் சேர்க்க வேண்டும். ஒரு வார இறுதி பிடிக்கும் வேலைதான், ஆனால் வேறு எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது. நம் உதாரணத்தில் 600 கேள்விகள் கிடைத்ததாகவும் அவை இப்படிப் பிரிந்ததாகவும் வைத்துக்கொள்வோம். மாவுப்பூச்சி பற்றி 110. தளம் பாரம் தாங்குமா, நீர் கசியுமா என்று 92. ஒரு பருவம் முடிந்த பையில் உள்ள பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா என்று 70. மீதி பலவாறாகச் சிதறியவை. இனி அதே ஏழு சேனல்களின் 210 வீடியோக்களில் இந்தப் பொருள்களுக்கு எத்தனை வீடியோக்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். மாவுப்பூச்சிக்கு 31, தளத்துக்கு 3, பழைய மண்ணுக்கு 5.

தளம் பற்றிய இடைவெளி வெளிப்படையானது. 92 கேள்விக்கு மூன்றே வீடியோ. உடனே கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவதற்கு முன், இதை ஏன் இத்தனை பேர் தொடாமல் விட்டார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தோட்டக்காரருக்குச் செடி தெரியும், கட்டடம் தெரியாது. தவறாகச் சொல்லிவிட்டால் ஒருவரின் வீட்டுத் தளம் பழுதாகும். அதனால் கேள்வி தொடர்ந்து வந்தும் பதில் வரவில்லை. ஒரு சிவில் பொறியாளரை மாடிக்கு அழைத்து, விட்டத்தின் மேல் எடையை வைப்பதற்கும் தளத்தின் நடுவில் வைப்பதற்கும் என்ன வித்தியாசம், கசிவின் முதல் அறிகுறி எங்கே தெரியும் என்று அவர் வாயால் சொல்ல வைக்க முடிந்தால் இந்த இடைவெளி நிரம்பும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், கண்டுபிடித்த பிறகும் இதை விட்டுவிடுவதே நேர்மை.

மாவுப்பூச்சியின் கதை வேறு. 31 வீடியோக்கள் இருந்தும் 110 பேர் கேட்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இங்கே இடமில்லை என்று கடந்து போயிருப்போம். கேள்விகளைப் படித்தால்தான் விஷயம் புரியும். “வேப்பெண்ணெய் அடித்தேன், மறுபடி வந்துவிட்டது” என்பதே பல விதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த 31 வீடியோக்களும் கரைசல் தயாரிப்பதையும் தெளிப்பதையும் காட்டிவிட்டு முடிந்துவிடுகின்றன. பூச்சியின் மேல் உள்ள மெழுகுப் பூச்சு நீரை ஒட்டவிடாது என்பதையும், சோப்பு சேர்க்காத எண்ணெய் நீரோடு கலக்காது என்பதையும், எறும்புகள் மாவுப்பூச்சியை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும் என்பதையும், ஒரு முறை தெளித்தால் முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒரு முறை திரும்பத் தெளிக்க வேண்டும் என்பதையும் யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. தெளித்த மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள் அதே செடி எப்படி இருந்தது என்று காட்டியவரும் இல்லை. பொருள் பழையதுதான், ஆனால் பதில் பாதியில் நிற்கிறது. இப்படி ஆழத்தில் இருக்கும் இடைவெளி விரிதாளில் தெரியாது. புதுப் பொருளைத் தேடி அலைவதைவிட, எல்லாரும் பேசி யாரும் முடிக்காத பொருளை முடித்துக் கொடுப்பதே சிறிய சேனலுக்கு அதிகம் பயன் தரும்.

இன்னொரு சான்றும் உண்டு. ஒரு பொருளுக்குத் தேடலில் முதலில் வரும் வீடியோ ஏழெட்டு ஆண்டுப் பழையதாக இருந்து, படமும் ஒலியும் மங்கலாக இருந்தும், அதன் கீழே இந்த மாதத்துக் கருத்துகள் வந்துகொண்டிருந்தால், மக்கள் வேறு வழியில்லாமல் அதைப் பார்க்கிறார்கள் என்று பொருள். கூகுள் டிரெண்ட்ஸில் தேடல் வகையை யூடியூப் என்று மாற்றிக்கொண்டால், ஆர்வம் ஆண்டின் எந்த மாதத்தில் ஏறுகிறது என்பதையும் பார்க்கலாம். ஆடிப்பட்டத்துக்கு விதைக்க நினைப்பவர் ஆனியிலேயே தேடத் தொடங்குவார். ஆடி பிறந்த பிறகு வெளியிடும் வீடியோவுக்கு அந்தக் கூட்டத்தில் பாதிதான் மிஞ்சும்.

இனி இலக்கு. அடுத்த ஆறு மாதத்தில் சந்தாதாரர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும் என்று பலர் சுவரில் எழுதி வைக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இலக்கை இரண்டு பக்கமிருந்து கணக்கிட்டு, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

ஒரு பக்கம் போட்டியாளர்களின் வளர்ச்சி வேகம். ஆறு மாதத்துக்கு முன் அவர்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சோஷியல் பிளேடு போன்ற தளங்களில் பார்க்கலாம். ஆனால் 2019 முதல் யூடியூப் சந்தாதாரர் எண்ணிக்கையை மூன்று இலக்கத்துக்குச் சுருக்கியே வெளியில் காட்டுகிறது. 12,345 பேர் இருந்தாலும் திரையில் 12.3 ஆயிரம்தான் தெரியும். நூறு பேர் கூடும்வரை எண் நகராது, நகரும்போது ஒரே நாளில் நூறு பேர் சேர்ந்தது போலத் தோன்றும். ஆகவே வாரக் கணக்கு பயன்படாது. மூன்று மாதமோ ஆறு மாதமோ எடுத்துக்கொண்டால்தான் அளவு நம்பத் தகுந்ததாக இருக்கும். ஏழு சேனல்களின் ஆறு மாத வளர்ச்சி 4, 8, 11, 15, 18, 27, 95 சதவீதம் என்று வந்தால் நடு எண் 15. அந்த 95 ஒரே ஒரு ஷார்ட்ஸ் வீடியோவால் வந்தது என்று தெரிந்தால் அதைத் திட்டத்தில் வைக்க முடியாது. நம் சேனல் வளர்ந்தது 9 சதவீதம்.

மறுபக்கம் சொந்தக் கணக்கு. ஸ்டூடியோவில் மொத்தப் பார்வைகளும், வந்து போனவர்களைக் கழித்து மிஞ்சிய சந்தாதாரர் எண்ணிக்கையும் கிடைக்கும். நம் சேனலில் ஆயிரம் பார்வைக்கு 5 பேர் சேர்கிறார்கள். மாதம் 12,000 பார்வை என்றால் 60 பேர், ஆறு மாதத்தில் 72,000 பார்வைக்கு 360 பேர். ஒன்றும் மாற்றாமல் இருந்தால் இதே 9 சதவீதம்தான் மீண்டும் வரும்.

இப்போது இடைவெளி வீடியோக்களைச் சேர்த்துப் பார்க்கலாம். அடுத்த ஆறு மாதத்தில் வரப்போகும் வீடியோக்களில் எட்டை, கண்டுபிடித்த இடைவெளிகளுக்கு ஒதுக்குவதாகக் கொள்வோம். அவை ஒவ்வொன்றும் 900-க்குப் பதிலாக 2,500 பார்வைகள் பெற்றால் கூடுதலாகக் கிடைப்பது 12,800 பார்வை. அதிலிருந்து வரும் சந்தாதாரர்கள் 64 பேர் மட்டுமே. மொத்தம் 424, அதாவது 10 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே இது தெரிவது பெரிய லாபம். பார்வையை மட்டும் உயர்த்தி 15 சதவீதத்தை எட்ட வேண்டுமானால் 630 பேர் வேண்டும், அதற்கு 1,26,000 பார்வை தேவை. இப்போதைய எண்ணிக்கையில் முக்கால் பங்கு கூடுதலாக.

இன்னொரு வழி, வந்து பார்ப்பவர் தங்குவதை உயர்த்துவது. ஆயிரத்துக்கு 5 பேர் என்பது 7 ஆனால், அதே 84,800 பார்வைக்கு 594 பேர் சேர்வார்கள். வளர்ச்சி 14 சதவீதத்தைத் தொடும். மாவுப்பூச்சி வீடியோவை ஒரே காணொளியாக முடிக்காமல், இருபதாம் நாள் முடிவைத் தனியாக வெளியிட்டால், முடிவைப் பார்க்க விரும்புபவர் சந்தாதாரராகச் சேரக் காரணம் கிடைக்கிறது. ஒவ்வொரு வீடியோவும் எத்தனை பேரைச் சேர்த்தது என்று ஸ்டூடியோ தனித்தனியாகக் காட்டும் என்பதால், இந்த ஊகம் பலித்ததா என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும்.

இரண்டு கணக்குகளும் சேர்ந்து இலக்கின் எல்லையை வரைந்துவிடுகின்றன. 9 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். 10 முதல் 12 வரை எதிர்பார்க்கத் தக்கது. 14 அல்லது 15 எட்டக்கூடிய உச்சம். இதோடு கைக்குள் இருக்கும் இலக்குகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு இடைவெளி வீடியோக்கள், அவற்றில் இரண்டு ஆனி மாதத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்ச்சி. சந்தாதாரர் எண்ணிக்கை யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை, இவை கட்டுப்பாட்டில் உள்ளவை.

இந்த முறைக்குச் சில எல்லைகளும் உண்டு. பார்வையாளர் எத்தனை நிமிடம் தங்கினார், முகப்புப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பவை போட்டியாளரின் ஸ்டூடியோவுக்குள் மட்டுமே தெரியும். பிடிக்கவில்லை என்று குறித்தவர்களின் எண்ணிக்கையையும் 2021 நவம்பர் முதல் யூடியூப் வெளியில் காட்டுவதில்லை. ஆகவே ஒரு வீடியோ ஏன் ஓடியது என்பது எப்போதும் ஊகம்தான். கண்ணுக்குத் தெரியும் சேனல்கள் எல்லாம் பிழைத்திருப்பவை என்பது இன்னொரு சிக்கல். அதே காலத்தில் தொடங்கி, முப்பது வீடியோவோடு நின்றுபோன சேனல்கள் தேடலில் வருவதில்லை. அவற்றைச் சேர்க்காமல் எடுக்கும் நடு எண் எப்போதும் கொஞ்சம் மிகையாகவே இருக்கும். முயன்று தேடி, நின்றுபோன இரண்டு மூன்று சேனல்களையாவது பட்டியலில் சேர்ப்பது இந்த மிகையைக் குறைக்கும்.

பருவமும் கணக்கைக் குழப்பும். தை முதல் ஆனி வரையிலான வளர்ச்சியை ஆடி முதல் மார்கழி வரையிலான வளர்ச்சியோடு ஒப்பிட்டால், விதைப்புக் காலத்தின் ஏற்றத்தைச் சொந்தத் திறமை என்று எண்ணிவிடலாம். சென்ற ஆண்டின் அதே மாதங்களோடு, அதே மாதங்களில் போட்டியாளருக்கு நடந்ததோடு ஒப்பிட வேண்டும். எல்லாச் சேனல்களும் ஒருசேர இறங்கியிருந்தால் காரணம் வெளியில் இருக்கிறது. தன் சேனல் மட்டும் இறங்கியிருந்தால் காரணத்தை உள்ளே தேட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே விரிதாளைத் திறந்து, புதிய வீடியோக்களைச் சேர்த்து, ஓராண்டைத் தாண்டியவற்றை நீக்கினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, குறித்து வைத்த இடைவெளிகளைப் போட்டியாளர்கள் யாரேனும் நிரப்பிவிட்டார்களா என்பதைத்தான். நிரப்பியிருந்தால் அவர்களுடைய கருத்துப் பகுதியில் மிச்சமிருக்கும் கேள்விகளே அடுத்த பட்டியலின் தொடக்கம்.